ரெப்போ குறைஞ்ச அன்னைக்கு 30 வருஷ பாண்டு ஏன் விழுந்துச்சு: 2025 ஜூன் 6, என் ஷீட்ல நடந்த கதை

நான் ராணிப்பேட்டையில ஒரு தோல் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், வீடு காட்பாடி. அரசாங்க பாண்டு யீல்டை, அதாவது அரசாங்கக் கடன் பத்திரத்துல கிடைக்கற வட்டியை, நான் தினமும் குறிச்சு வைக்க ஆரம்பிச்சதுக்குக் காரணம் கம்பெனி லோன்தான். 2019 அக்டோபர்ல இருந்து சின்ன தொழில்களோட ஃப்ளோட்டிங் ரேட் லோனை வெளி பெஞ்ச்மார்க்கோட கட்டணும்னு ஆர்பிஐ சொல்லிடுச்சு, அது ஆர்பிஐ பேங்குகளுக்குக் குடுக்கற கடனோட வட்டியான ரெப்போவா இருக்கலாம், 3 மாச இல்ல 6 மாச ட்ரெஷரி பில் யீல்டா இருக்கலாம். ட்ரெஷரி பில்னா ஒரு வருஷத்துக்குள்ள முடியற அரசாங்கக் கடன் பத்திரம். எங்க லோன் ட்ரெஷரி பில்லோட கட்டினது, அதனால புதன்கிழமை ஆனா பில் ஏலத்துல என்ன ரேட் வந்துச்சுன்னு பாக்குறது எனக்கு வேலையாவே ஆயிடுச்சு. அப்புறம் 364 நாள் பில்லையும் சேத்தேன், பத்து வருஷ பாண்டையும் சேத்தேன், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய ஷீட்ல ஒரு தனி நெடுவரிசையில போட்டேன், அது ஒரு அளவுக்கு மேல மாறினா கட்டம் சிவப்பாகற மாதிரி வெச்சேன். இவ்வளவுதான் என் கண்காணிப்பு.

இந்த ஷீட்டை நம்பித்தான் எங்க பெரியப்பாவுக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன், அந்த வார்த்தை தப்பாப் போச்சு. எந்த இடத்துல தப்புன்னு உக்காந்து பாத்தேன், அதைத்தான் முழுசா எழுதறேன். யீல்டு கர்வ் பாக்கறவங்க எல்லாரும் இந்த ஒரு இடத்துல ஒரு தடவையாவது வழுக்குவாங்கன்னு நினைக்கிறேன்.

முதல்ல தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. இன்னைக்கு அரசாங்கத்துக்கு ஒரு வருஷத்துக்குக் கடன் குடுத்தா என்ன வட்டி, பத்து வருஷத்துக்குன்னா என்ன, முப்பது வருஷத்துக்குன்னா என்ன, இதையெல்லாம் வரிசையா புள்ளி வெச்சு இழுத்தா வர்ற கோடுதான் யீல்டு கர்வ். பாண்டு விலையும் யீல்டும் எதிரெதிர், யீல்டு ஏறினா கையில இருக்கற பாண்டோட விலை இறங்கும். ஒரு பேசிஸ் பாயிண்ட்னா சதவீதத்துல நூத்துல ஒரு பங்கு.

இப்போ கர்வ் செங்குத்தாகுதுன்னு சொல்றாங்களே, ஸ்டீப்பனிங், அதை நான் சுவத்துல சாத்தி வெச்ச ஏணியா வெச்சு யோசிப்பேன். ஏணியோட கால் பக்கம் குறுகிய கால வட்டி, தலைப் பக்கம் நீண்ட கால வட்டி. கால் கீழ இறங்கினாலும் ஏணி செங்குத்தாகும், தலை மேல ஏறினாலும் செங்குத்தாகும், கால் இறங்கி தலை ஏறினாலும் செங்குத்தாகும். இடைவெளி மட்டும் பாத்தா மூணும் ஒண்ணுதான், ஆனா பாண்டு வெச்சிருக்கறவனுக்கு மூணும் வேற வேற. கால் வேகமா இறங்கி தலையும் கொஞ்சம் இறங்கினா அது புல் ஸ்டீப்பனிங், எல்லா பாண்டும் விலை ஏறும். தலை வேகமா ஏறினா அது பியர் ஸ்டீப்பனிங், நீண்ட பாண்டு வெச்சிருக்கறவன் கையைச் சுட்டுக்குவான். கால் ஒரு பக்கம் தலை ஒரு பக்கம் போனா ட்விஸ்ட்டுன்னு சொல்லுவாங்க, அதுல சின்ன பாண்டுக்கு லாபம், பெரிய பாண்டுக்கு நஷ்டம்.

என் ஷீட்ல இருந்தது இடைவெளி ஒண்ணுதான்.

இப்போ 2025 கதைக்கு வர்றேன். பிப்ரவரி 7ம் தேதி ஆர்பிஐ ரெப்போவை 6.50ல இருந்து 6.25 ஆக்குச்சு, ஏப்ரல் 9ம் தேதி 6.00. அந்த பிப்ரவரியில பத்து வருஷ யீல்டு 6.7 பக்கம், 364 நாள் பில் 6.5 பக்கம், அதாவது ஏணி கிட்டத்தட்ட தரையில படுத்திருந்தது, இடைவெளி கால் சதவீதம்கூட இல்ல. அதுக்கப்புறம் ஆர்பிஐ ஓப்பன் மார்க்கெட்ல பெரிய அளவுல பாண்டு வாங்கிக்கிட்டே இருந்துச்சு, மே கடைசியில அரசாங்கத்துக்கு 2.69 லட்சம் கோடி உபரி வேற குடுத்துச்சு, பத்து வருஷ யீல்டு 6.2 பக்கம் வந்துடுச்சு. எங்க பாத்தாலும் ஒரே பேச்சு, ரேட் இறங்குது, பாண்டு வாங்கு, எவ்வளவு நீளமா வாங்குறியோ அவ்வளவு லாபம்னு.

அந்தப் பேச்சு தப்பில்ல, ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட வரைக்கும். ரெப்போ ராத்திரி ஒரு நாள் கடனோட வட்டி, அது ஏணியோட கால். கால் இறங்கும்போது தலையும் கூடவே இறங்குச்சுன்னா நீண்ட பாண்டுக்கு லாபம். தலை இறங்கணும்னு எந்தச் சட்டமும் கிடையாது. முப்பது வருஷ யீல்டைத் தீர்மானிக்கறது வர்ற முப்பது வருஷத்துல சராசரியா வட்டி எங்க இருக்கும், விலைவாசி எங்க போகும், அரசாங்கம் எவ்வளவு கடன் வாங்கும், அந்த நீளத்துல வாங்கறதுக்கு ஆள் இருக்காங்களா, இதெல்லாம்.

பெரியப்பா சத்துவாச்சாரியில இருக்கார், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், என்னைவிடக் கணக்கு நல்லா வரும். சாதாரண ஆளும் நேரடியா அரசாங்க பாண்டு வாங்கற ஆர்பிஐயோட ரீட்டெயில் டைரக்ட் வந்ததுல இருந்து, அதாவது 2021 நவம்பர்ல இருந்து, அதுல அக்கவுண்ட் வெச்சிருக்கார். பத்தாயிரம் ரூபாய்ல இருந்தே ஏலத்துல கேக்கலாம், ரேட் நாம சொல்ல வேண்டியதில்ல, பெரிய ஆளுங்க கேட்ட ரேட்டோட சராசரியில நமக்குக் கிடைக்கும். அவர் கையில எஃப்டி முடிஞ்ச ஆறு லட்சம் இருந்தது. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருந்தாங்க, அமைஞ்சா தையில கல்யாணம், அதுக்கு முன்ன நகைக்கு, மண்டபத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா பணம் வேணும். அதாவது இது ஆறு எட்டு மாசப் பணம். ஒரு ஏஜென்ட் அவர்கிட்ட நீண்ட பாண்டு எடுங்க சார், ரேட் குறைஞ்சா விலை ஏறும், வித்து எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்கார்.

ஜூன் 6 வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு ஆர்பிஐ கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ரா அறிவிப்பு. எல்லாரும் கால் சதவீதம்னு நினைச்சிருந்தாங்க, அரை சதவீதம் குறைச்சாங்க, ரெப்போ 5.50. அதோட பேங்குங்க டெபாசிட்ல ஆர்பிஐகிட்ட கட்டாயமா வைக்க வேண்டிய பங்கான சிஆர்ஆரை ஒரு சதவீதம் குறைக்கிறோம், செப்டம்பர்ல இருந்து நாலு தவணையா, 2.5 லட்சம் கோடி பேங்குகளுக்குத் திரும்பிப் போகும்னு சொன்னாங்க. நான் ஆபீஸ்ல இருந்தேன், பத்தே முக்காலுக்கு அரசாங்க பாண்டு வாங்கி விக்கற ஆர்பிஐயோட திரையான என்டிஎஸ்-ஓஎம்ல ரேட்டைப் பாத்தேன். சின்ன பேப்பர் நல்லா இறங்கியிருக்கு, பத்து வருஷமும் இறங்கியிருக்கு. ஷீட்ல போட்டேன், இடைவெளி விரிஞ்சு கட்டம் சிவப்பாச்சு. பெரியப்பா போன் பண்ணார்.

"என்னடா தம்பி சொல்லுது உன் ஷீட்டு?"

"ஸ்டீப்பனிங் பெரியப்பா, நல்ல விதமான ஸ்டீப்பனிங்தான், ரெண்டு பக்கமும் இறங்குது" அப்படின்னேன்.

அந்த நேரத்துக்கு அது உண்மை. ஆனா அன்னைக்கு சாயந்தரம் மார்க்கெட் முடியும்போது பத்து வருஷ யீல்டு முந்தின நாள் முடிவைவிட மேல நின்னுச்சு. அரை சதவீதம் ரெப்போ குறைஞ்ச நாள்ல நீண்ட பக்கம் விலை விழுந்து முடிஞ்சுது. கால் இறங்கிடுச்சு, தலை ஏறிடுச்சு, ட்விஸ்ட். நான் காலையில போட்ட நம்பரையே அந்த நாளோட நம்பரா விட்டுட்டேன், சாயந்தரம் திருத்தல. திங்கக்கிழமை புது நம்பர் போட்டப்பவும் இடைவெளி விரிஞ்சேதான் இருந்தது, கட்டம் சிவப்பாவேதான் இருந்தது, எனக்கு எந்த வித்தியாசமும் தெரியல. இதுதான் முதல் தப்பு, இதைவிடப் பெரிய தப்பு ஷீட்டோட அமைப்புலயே இருந்தது: நல்ல ஸ்டீப்பனிங்கும் கெட்ட ஸ்டீப்பனிங்கும் அதுக்கு ஒரே நிறம்.

ஏன் திரும்புச்சுன்னா, அறிவிப்புல ரேட்டுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு விஷயம் இருந்தது. ஒண்ணு, நிலைப்பாட்டை ரேட் குறைக்கற பக்கம் சாயற அக்காமடேட்டிவ்ல இருந்து எந்தப் பக்கமும் சாயாத நியூட்ரலுக்கு மாத்திட்டாங்க, பிப்ரவரியில இருந்து ஒரு சதவீதம் குறைச்சாச்சு, இனிமே குறைக்க இடம் ரொம்பக் கம்மின்னு கவர்னரே சொல்லிட்டார். அடுத்த குறைப்பையும் அதுக்கடுத்த குறைப்பையும் எதிர்பாத்து நீண்ட பாண்டு வாங்கி வெச்சிருந்தவங்களுக்கு இனி காத்திருக்க எதுவும் இல்ல, வித்துட்டாங்க. ரெண்டாவது, இது நிறைய பேர் கவனிக்காதது, சிஆர்ஆர் வழியா 2.5 லட்சம் கோடி சிஸ்டத்துக்குள்ள வரப்போகுதுன்னா ஆர்பிஐ பாண்டு வாங்கிப் பணம் விட வேண்டிய அவசியம் போச்சு. அஞ்சு மாசமா நீண்ட பாண்டை வாங்கிக்கிட்டிருந்த மிகப்பெரிய கை ஒதுங்கப் போகுதுன்னு அர்த்தம். பேங்க் லோனுக்கு நல்ல செய்தி, சின்ன பேப்பருக்கு நல்ல செய்தி, முப்பது வருஷ பாண்டுக்குக் கெட்ட செய்தி. ஒரே அறிவிப்புதான்.

பெரியப்பா அந்த மாசம் நடந்த ஒரு ஏலத்துல முப்பது வருஷத்துக்குக் கிட்ட ஒரு பாண்டை ஆறு லட்சத்துக்கு எடுத்தார், யீல்டு ஏறக்குறைய 7.

அதுக்கப்புறம் நடந்ததை வேகமா சொல்லிடறேன். ஜூன் கடைசியில ஆர்பிஐ வேரியபிள் ரேட் ரிவர்ஸ் ரெப்போ வழியா, அதாவது பேங்குங்ககிட்ட இருந்து ஏலத்துல கொஞ்ச நாளைக்குப் பணம் வாங்கி வெச்சு, உபரிப் பணத்தை உறிஞ்ச ஆரம்பிச்சது. இன்சூரன்ஸ், பென்ஷன் ஃபண்டுங்க முன்ன மாதிரி நீண்ட பாண்டு வாங்கலன்னு மார்க்கெட்ல பேச்சு, ஆனா அரசாங்கத்தோட ஏலத்துல நீண்ட பாண்டோட பங்கு குறையல. ஆகஸ்ட் 14ம் தேதி எஸ் அண்ட் பி இந்தியாவோட கடன் ரேட்டிங்கை பிபிபி மைனஸ்ல இருந்து பிபிபி ஆக உயர்த்துச்சு, யீல்டு ஒரு தடவை இறங்குச்சு, நான்கூட திரும்பிடுச்சுன்னு நினைச்சேன். மறுநாள் சுதந்திர தின உரையில ஜிஎஸ்டி குறைப்பு வருதுன்னு பிரதமர் சொன்னார், வரி வருமானம் குறைஞ்சா கடன் கூடுமோன்னு பயம், திங்கக்கிழமை 18ம் தேதி மார்க்கெட் திறந்ததும் யீல்டு எகிறுச்சு. ஆகஸ்ட் கடைசியில பத்து வருஷம் 6.6 பக்கம், முப்பது வருஷம் 7.2ஐத் தாண்டிப் போச்சு, 364 நாள் பில் மட்டும் 5.5 பக்கமே உக்காந்திருந்தது.

இந்த எடத்துல கொஞ்சம் நின்னு பாருங்க. பிப்ரவரியில பத்து வருஷம் 6.7, ஆகஸ்ட்ல 6.6. நடுவுல ரெப்போ முழுசா ஒரு சதவீதம் இறங்கியிருக்கு. ஒரு வருஷ பேப்பர் அந்த ஒரு சதவீதத்தை அப்படியே வாங்கிக்கிச்சு, பத்து வருஷம் போய்ட்டுத் திரும்பி வந்துடுச்சு, முப்பது வருஷம் ஆரம்பிச்ச எடத்தைவிட மேலயே போயிடுச்சு. இடைவெளி கால் சதவீதத்துக்குள்ள இருந்தது ஒரு சதவீதத்துக்கு மேல ஆயிடுச்சு. மே வரைக்கும் நடந்த விரிசல் ஒரு வகை, ஜூனுக்கு அப்புறம் நடந்தது வேற வகை, என் ஷீட்ல ரெண்டும் சேந்து ஒரே சிவப்புக் கோடு.

பெரியப்பா கணக்கு எப்படி ஆச்சுன்னா, 7 சதவீத கூப்பன்ல முகமதிப்புக்கே வாங்கின முப்பது வருஷ பாண்டோட மாடிஃபைடு டியூரேஷன், அதாவது யீல்டு மாறினா விலை எவ்வளவு ஆடும்னு சொல்ற அளவு, ஏறக்குறைய 12.5. அதாவது யீல்டு ஒரு சதவீதம் ஏறினா விலை சுமாரா 12.5 சதவீதம் விழும், கால் சதவீதம் ஏறினா 3.1 சதவீதம். ஆறு லட்சத்துல அது பதினெட்டாயிரத்துச் சொச்சம். ரெண்டரை மாசத்துல சேந்த வட்டி எட்டாயிரத்து எழுநூறு. கழிச்சா பத்தாயிரம் கிட்ட நஷ்டம், அதுவும் பேப்பர்ல. நிஜமா விக்கப் போனா நம்ம மாதிரி சின்ன அளவுக்கு வாங்கற ஆள் கம்மி, திரையில தெரியற விலையைவிடக் கொஞ்சம் இறக்கித்தான் குடுக்கணும். அதே பணத்தை 364 நாள் பில்லுல போட்டிருந்தா ஏழாயிரம் கிட்ட சேந்திருக்கும். பத்து வருஷ பாண்டுன்னா டியூரேஷன் 7.3 சுத்தி, அடி பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இருந்திருக்கும்.

ஆவணியில மாப்பிள்ளை அமைஞ்சு நிச்சயம் ஆச்சு. நகைக்கடைக்குப் போகணும், பெரியப்பா ரெண்டு லட்சத்துக்கு வித்தார். என்மேல கோபப்படல. "நான் பாண்டோட நீளத்தைப் பாத்தேன், என் தேவையோட நீளத்தைப் பாக்கல" அப்படின்னார், அது அவரோட பெருந்தன்மை. எனக்குத்தான் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, நான் சொன்ன "நல்ல விதமான"ங்கற ஒரு வார்த்தை இல்லன்னா அவர் இன்னும் ஒரு வாரமாவது பொறுத்திருப்பார்.

அப்புறம் ஷீட்டைப் பிரிச்சேன். முதல்ல செஞ்சது, இடைவெளியோட சேத்து காலையும் தலையையும் தனித்தனியா காட்டற மாதிரி மாத்தினது. A தேதி, B ஒரு வருஷம், C பத்து வருஷம், D முப்பது வருஷம். 22ம் வரியில இருந்து:

```
E22: =((C22-B22)-(C2-B2))*100
F22: =(B22-B2)*100
G22: =(C22-C2)*100
H22: =((D22-C22)-(D2-C2))*100
I22: =IF(ABS(E22)<20,"",IF(E22>0,"STEEP","FLAT")&IF(AND(F22*G22<0,MIN(ABS(F22),ABS(G22))>5)," TWIST",IF(F22+G22<0," BULL"," BEAR")))
```

E-ங்கறது இருபது டிரேடிங் நாள்ல இடைவெளி எவ்வளவு மாறுச்சு, பேசிஸ் பாயிண்ட்ல. F கால் எவ்வளவு நகந்துச்சு, G தலை எவ்வளவு. I நெடுவரிசை பேர் சொல்லும். இருபதுன்னு ஏன் வெச்சேன்னா, ஒரு நாள்ல நாலஞ்சு பேசிஸ் பாயிண்ட் ஆடறது பாண்டு மார்க்கெட்ல சாதாரணம், அமெரிக்க யீல்டு ராத்திரி ஏறினாலோ கச்சா எண்ணெய் ஏறினாலோ ஆடும், மறுநாள் திரும்பிடும், அதுக்கெல்லாம் சிவப்பு அடிச்சா ரெண்டே வாரத்துல யாரும் பாக்க மாட்டாங்க. அஞ்சு பாயிண்டுக்குள்ள நகந்த பக்கத்தை நகரலைன்னே எடுத்துக்கறேன், அதுக்குத்தான் அந்த 5. மூணு நாள் தொடர்ந்து ஒரே பேர் வந்தாதான் நான் யார்கிட்டயும் வாய் திறக்கறது.

H நெடுவரிசைதான் எனக்கு இப்போ ரொம்பப் பிடிச்சது. முப்பதுக்கும் பத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளி. பத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல இருக்கறதுல ரெப்போ பத்தின எதிர்பார்ப்புதான் அதிகம் தெரியும், முப்பதுக்கும் பத்துக்கும் நடுவுல ரெப்போவோட கை அவ்வளவா எட்டாது, அங்க தெரியறது சப்ளையும் டிமாண்டும், அரசாங்கம் எவ்வளவு நீளமா கடன் வாங்குது, அதை வாங்க ஆள் இருக்கான்னு. பிப்ரவரியில அது 0.3 சுத்தி, ஆகஸ்ட் கடைசியில 0.6க்கு மேல. பெரியப்பா வாங்கின பாண்டு இருந்ததே இந்தப் பகுதியிலதான், என் பழைய ஷீட்ல அந்தப் பகுதியே கிடையாது. நான் பாத்த கர்வ் பத்து வருஷத்தோட முடிஞ்சுபோச்சு, அவர் வாங்கினது அதுக்கு அப்பால.

ரெண்டாவது, இருபது நாள் கணக்கு மெதுவானது. ஜூன் 6 மாதிரி ஒரு நாள்ல நடக்கற திருப்பத்தை அது பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சுதான் சொல்லும், அதுவும் மே மாசம் முழுக்க யீல்டு இறங்கியிருந்ததால ஜூன் நடுவுல வரைக்கும் அது புல்லுன்னே சொல்லியிருக்கும், பின்னாடி போய்ப் போட்டுப் பாத்தேன், அப்படித்தான் வந்துச்சு. அதனால பாலிசி நாள், பட்ஜெட் நாள், கடன் காலண்டர் வர்ற நாள், இதுக்கு மட்டும் தனி வரி: முந்தின நாள் முடிவுக்கும் அன்னைக்கு முடிவுக்கும் மூணு நீளத்துலயும் என்ன வித்தியாசம். முடிவுன்னா முடிவுதான், அஞ்சு மணிக்கு மார்க்கெட் மூடினதுக்கு அப்புறம். காலையில பத்தே முக்கால் நம்பரை ஷீட்ல போடறதே இல்ல இப்போ. ரெப்போ குறைஞ்ச நாள்ல முப்பது வருஷ யீல்டு மேல முடிஞ்சா அதுவே ஒரு எச்சரிக்கை, வேற எந்த சூத்திரமும் வேண்டாம்.

மூணாவது விஷயம் எனக்கு ஒரு பொய் அலாரம் அடிச்சதால தெரிஞ்சது. நான் பத்து வருஷம்னு போட்டுக்கிட்டிருந்தது அப்போ பெஞ்ச்மார்க்கா இருந்த 6.79% GS 2034. மே மாசம் புது பத்து வருஷ பாண்டு வந்துச்சு, 6.33% GS 2035, கொஞ்ச நாள்ல எல்லாரும் அதையே பத்து வருஷம்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, நானும் மாத்திக்கிட்டேன். புது பாண்டுல வாங்கல் விக்கல் சுலபம், அதனால அதுக்குக் கொஞ்சம் கூட விலை குடுப்பாங்க, யீல்டு பழசைவிட சில பாயிண்ட் கம்மியா இருக்கும். மார்க்கெட்ல ஒண்ணும் நடக்காமலே என் ஷீட்ல அன்னைக்கு பத்து வருஷம் சட்டுன்னு இறங்கிடுச்சு, ஃப்ளாட்டனிங்னு காட்டுச்சு. ஜூன்ல நிஜமா ஏறின யீல்டுல கொஞ்சத்தை இந்தப் போலி இறக்கம் மறைச்சும் வெச்சிருந்தது, அதுதான் மோசம். இப்போ தனி பாண்டை நான் பின்தொடர்றதில்ல. பெஞ்ச்மார்க் ரேட் வெளியிடற நிறுவனமான எஃப்பிஐஎல் தினமும் சாயந்தரம் ஒவ்வொரு நீளத்துக்கும் பார் யீல்டு, அதாவது முகமதிப்புக்கே விக்கற பாண்டோட யீல்டு, வெளியிடறாங்க, பாண்டு வர்த்தகத்தைத் தீர்த்து வைக்கற சிசிஐஎல்லும் ஜீரோ கூப்பன் கர்வ் போடறாங்க, ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு அதையே கடைசி வரைக்கும் பயன்படுத்தணும், ஒரு நாள் இது ஒரு நாள் அதுன்னு கலக்கக் கூடாது. திடீர்னு ஒரே நாள்ல ஒரே நீளம் மட்டும் ஆறேழு பாயிண்ட் குதிச்சு பக்கத்துல இருக்கற ஒம்பது வருஷமும் பதினொரு வருஷமும் அசையலன்னா, மார்க்கெட்டைச் சந்தேகப்படறதுக்கு முன்ன நம்ம டேட்டாவைச் சந்தேகப்படணும்.

இதே வகையில இன்னொண்ணு, 364 நாள் பில் யீல்டு சாதா வட்டி, பாண்டு யீல்டு அரையாண்டுக்கு ஒரு தடவை கூட்டற வட்டி. பில்லுல 5.5ன்னா பாண்டு பாஷையில அது 5.43 பக்கம். நேரடியா கழிச்சா இடைவெளி ஏழு பாயிண்ட் கம்மியாத் தெரியும். மாற்றத்தை மட்டும் பாக்கறவங்களுக்கு இது பெருசில்ல, ரெண்டு பக்கமும் அதே தப்பு இருக்கறதால அடிபட்டுப் போயிடும், ஆனா ஒரு வருஷ எடத்துல நேத்து பில்லும் இன்னைக்கு பார் யீல்டும் போட்டீங்கன்னா அந்த ஏழு பாயிண்ட் உங்களைத் தேடி வரும்.

புது ஷீட்டை பிப்ரவரியில இருந்து மறுபடி ஓட்டிப் பாத்தேன். ஏப்ரல், மே மாசத்துல STEEP BULL. ஜூன் 6 தனி வரியில கால் கீழ, தலை மேல. ஜூன் பிற்பாதியில ட்விஸ்ட், ஆகஸ்ட்ல கால் அசையாம தலை மட்டும் ஏறி STEEP BEAR. இது முன்னாடியே இருந்திருந்தா ஜூன் 6 சாயந்தரம் நான் பெரியப்பாகிட்ட "சின்னதா வாங்குங்க இல்ல பொறுங்க"ன்னு சொல்லியிருப்பேன். ஆனா ஆகஸ்ட்ல ஜிஎஸ்டி வரும்னு எந்த ஷீட்டும் சொல்லியிருக்காது. இந்தக் கட்டம் நடந்ததுக்குச் சரியான பேர் வைக்கும், நடக்கப் போறதைச் சொல்லாது. பேர் தப்பா வெச்சா என்ன ஆகும்னு பாத்துட்டதால, பேர் வைக்கறதே எனக்குப் போதுமா இருக்கு.

மீதி நாலு லட்சத்தைப் பத்தி செப்டம்பர்ல நிறைய பேசினோம். வேலப்பாடி பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு பஸ்ல திரும்பும்போதுகூட அதே பேச்சுதான். H நெடுவரிசை விரிஞ்சு நிக்குது, அது சப்ளை பயம், அப்போ சப்ளை பத்தி அரசாங்கம் என்ன சொல்லுதோ அதுவரைக்கும் விக்காம இருக்கலாம்னு அவரே சொன்னார். செப்டம்பர் கடைசியில ரெண்டாம் அரையாண்டு கடன் காலண்டர் வந்துச்சு, 6.77 லட்சம் கோடி, அதுல முப்பது, நாப்பது, அம்பது வருஷ பாண்டுகளோட பங்கைக் குறைச்சிருந்தாங்க. ஷீட்ல தனி வரி போட்டோம், பாலிசி நாளுக்குப் போடற மாதிரியே. அன்னைக்கு சாயந்தரம் அஞ்சரைக்கு அவர்கிட்ட இருந்து போன், இடைவெளி எவ்வளவுன்னு கேக்கல.

"முப்பது எங்கடா நிக்குது, பத்து எங்க நிக்குது, ரெண்டையும் தனித்தனியா சொல்லு" அப்படின்னார். சொன்னேன். நோட்டுல எழுதிக்கிட்டார், தேதிக்குப் பக்கத்துல "முடிவு விலை"ன்னு அடிக்கோடு போட்டு.